ஒரே விளக்கு, இரண்டு கைகள்: பதினொன்றாம் வகுப்புப் பயிற்சித்தாள்

பக்தி இயக்கம் | ஒரு பாடவேளை | 15 மதிப்பெண்

பாடல்களை முதலில் வாய்விட்டுப் படியுங்கள். பொருள் புரியாவிட்டாலும் ஓசை காதில் விழட்டும்.

பாடல் 1 – திருநாவுக்கரசர் (நான்காம் திருமுறை)

உடம்பெனும் மனைய கத்து உள்ளமே தகளி யாக
மடம்படும் உணர்நெய் அட்டி உயிரெனும் திரிம யக்கி
இடம்படு ஞானத் தீயால் எரிகொள இருந்து நோக்கில்
கடம்பமர் காளை தாதை கழலடி காண லாமே

தகளி – அகல். மடம் – அறியாமை. அட்டி – வார்த்து. தாதை – தந்தை.

திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார் சமணத்தில் சேர்ந்து தருமசேனர் ஆனார். பின்னர்ச் சைவத்துக்குத் திரும்பினார். திரும்பியதற்குக் காரணம் சூலை நோய் என்கிறது மரபு. தமக்கை திலகவதியாரின் பங்கு அதைவிடச் சிறிதன்று. காலம் 7ஆம் நூற்றாண்டு, பல்லவர் ஆட்சி.

பாடல் 2 – பூதத்தாழ்வார் (இரண்டாம் திருவந்தாதி, முதல் பாடல்)

அன்பே தகளியா ஆர்வமே நெய்யாக
இன்புருகு சிந்தை இடுதிரியா – நன்புருகி
ஞானச் சுடர்விளக்கு ஏற்றினேன் நாரணற்கு
ஞானத் தமிழ்புரிந்த நான்

இவர் பிறந்த ஊர் கடல்மல்லை, இன்றைய மாமல்லபுரம். திருக்கோவலூரில் ஒரு மழை இரவில், இடைகழியின் இருட்டில் முதலாழ்வார் மூவரும் நெருங்கி நின்ற கதையை அறிவீர்கள். விளக்குத் தேவைப்பட்ட இரவு அது.

வினாக்கள்

1. 'கடம்பமர் காளை' யார்? அவர் தந்தை யார்? இறைவனை நேராகப் பெயர் சொல்லாமல் மகன் வழியாகச் சுட்டுவதால் பாடலுக்குக் கிடைப்பது என்ன? (3)

2. அகல், நெய், திரி ஆகிய மூன்றுக்கும் இருவரும் எவற்றை உவமிக்கிறார்கள்? இருவரிடமும் மாறாமல் இருப்பது எது? (2)

3. 'படுதல்' என்பதற்கு உண்டாதல், அழிதல் என்னும் இரு பொருள்களும் உண்டு. 'மடம்படும் உணர்' என்பதில் எது பொருந்தும்? ஒரு விடையைத் தேர்ந்து வாதிடுக. காரணம் சரியாக இருந்தால் எதை எழுதினாலும் மதிப்பெண் உண்டு. (3)

4. ஒருவர் 'காணலாமே' என முடிக்கிறார். மற்றவர் 'நான்' என முடிக்கிறார். ஒருவருக்கு விளக்கு இறைவனைக் காண்பதற்கு. மற்றவருக்கு அது இறைவனுக்கே ஏற்றிய காணிக்கை. இந்த வேறுபாட்டைப் பாடல் வரிகளைக் கொண்டு விளக்குக. 'சைவம் அறிவு, வைணவம் அன்பு' என்று எழுதிவிடாதீர்கள். இரண்டு பாடல்களிலும் 'ஞானம்' இருக்கிறது. (4)

5. பொய்கையாழ்வாரின் விளக்கு வேறு: 'வையம் தகளியா வார்கடலே நெய்யாக, வெய்ய கதிரோன் விளக்காக'. இதில் இருளே இல்லை, பகல்தான். உலகையே அகலாக்கிய இவருக்கும் அன்பை அகலாக்கிய பூதத்தாருக்கும் இடையே விளக்கு எங்கிருந்து எங்கே நகர்கிறது? ஐந்து வரிகளில் எழுதுக. (3)