தலை சாய்ந்தால் ஸ்டம்பும் இடம் மாறித் தெரியும்

அன்புள்ள தம்பிக்கு,

நீ மட்டையோடு நிற்பதை எடுத்து உன் அப்பா அனுப்பிய படத்தை நேற்று இரவு பெரிதாக்கி வைத்து வெகுநேரம் பார்த்தேன். இந்தப் பருவத்தில் ஆறு முறை எல்பிடபிள்யூ ஆகியிருக்கிறாய், ஆறும் நேராக வந்த பந்துகள் என்று அவர் எழுதியிருந்தார். அது உன் கண்ணின் குறையும் அல்ல, துணிச்சலின் குறையும் அல்ல. காரணம் நீ நிற்கும் விதத்தில் இருக்கிறது, படத்திலும் தெரிகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உன் முன்தோள் பந்துவீச்சாளரை நேராகப் பார்க்கிறது. உன் வயதில் பலருக்கு அது மிட்ஆன் பக்கம் திறந்துகொண்டு நிற்கும். கால்களுக்கு நடுவே தோள் அகலம் இடைவெளி விட்டிருக்கிறாய். முழங்காலும் அளவாக மடிந்திருக்கிறது. இவற்றில் எதையும் மாற்றாதே.

இப்போது உன் ஹெல்மெட் கம்பியைப் பார். குறுக்குக் கம்பிகள் தரைக்கு இணையாக இல்லை. ஆஃப் பக்கம் இறங்கியிருக்கின்றன. கேமராவைத்தான் சாய்த்துப் பிடித்துவிட்டாரோ என்று உனக்குப் பின்னால் தெரியும் ஸ்டம்புகளைப் பார்த்தேன். அவை செங்குத்தாக நிற்கின்றன. சாய்ந்திருப்பது உன் தலைதான். அது ஷூ நுனியையும் தாண்டி வெளியே போயிருக்கிறது. அந்தப் பாரம் இழுப்பதால் பின்கால் குதிகால் பாயை விட்டு எழும்பியிருக்கிறது; அதன் அடியில் ஒரு விரற்கடை வெளிச்சம் தெரிகிறது, பார்.

இதனால் என்ன ஆகிறது என்றால், உன் கண்கள் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே இருந்துகொண்டு பந்தைப் பார்க்கின்றன. அங்கிருந்து பார்க்கிறவனுக்கு மிடில் ஸ்டம்புக்கு வரும் பந்து லெக் பக்கம் போவது போலத் தோன்றும். நீயும் நம்பிக்கையோடு மட்டையைக் குறுக்கே திருப்புகிறாய். உடம்பு ஏற்கெனவே ஆஃப் பக்கம் விழுந்துகொண்டிருப்பதால் முன்கால் குறுக்கே வந்து ஸ்டம்புகளை மறைக்கிறது. மட்டை அந்தக் காலைச் சுற்றி வந்து சேர்வதற்குள் பந்து பேடில் பட்டுவிடுகிறது. ஸ்டம்புகள் மூன்றும் சேர்ந்தே 9 அங்குல அகலம்தான். தலை நாலு அங்குலம் நகர்ந்தால் கணக்கு முழுவதும் மாறிவிடும்.

தலை ஏன் சாய்கிறது? ‘தலையை நேராக வை’ என்று நூறு முறை சொல்லியும் பயனில்லை என்று அப்பா வருத்தப்பட்டிருந்தார். சொல்லிப் பயனில்லைதான், ஏனென்றால் உன்னைச் சாய்ப்பது உன் மட்டை. அது பெரியவர்கள் ஆடும் முழு அளவு மட்டை. உன் உயரம் 4 அடி 10 அங்குலம். கைப்பிடி நுனி வயிற்றில் இடிக்கக் கூடாது என்பதற்காக மட்டையைக் காலை விட்டுத் தள்ளி ஊன்றியிருக்கிறாய். பிறகு கைத்தடி மேல் சாய்வது போல அதன் மேல் சாய்ந்து நிற்கிறாய். எடை தாங்காததால் கீழ்க்கை கைப்பிடியின் அடிவரை இறங்கி இறுகப் பிடித்திருக்கிறது. கட்டைவிரல் நகம் வெளுத்திருப்பது படத்தில்கூடத் தெரிகிறது. அண்ணன் ஆடிய மட்டை என்று அதன் மேல் உனக்கு உள்ள பிரியம் புரிகிறது. அதை எண்ணெய் போட்டுப் பத்திரமாக வை, இன்னும் சில ஆண்டுகளில் உன் கைக்கு அதுவே பொருந்தும். இப்போதைக்கு உனக்கு வேண்டியது 5-ஆம் எண் மட்டை. நேராக நின்று பக்கத்தில் வைத்தால் கைப்பிடி நுனி இடுப்பெலும்பைத் தாண்டக் கூடாது. மேல்கையால் மட்டும் தூக்கிச் சிறிது நேரம் நேராக நீட்டிப் பிடிக்க முடிய வேண்டும். விலை உயர்ந்ததாக இருக்கத் தேவையில்லை என்று அப்பாவிடம் சொல்.

மட்டை வந்ததும் பிடியைச் சரிசெய். மட்டையின் முகம் தரையில் படும்படி குப்புறக் கிடத்தி, கோடரியை எடுப்பது போல இரண்டு கையாலும் இயல்பாக எடு. இரு கைகளிலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே விழும் பள்ளங்கள் ஒரே கோட்டில் வர வேண்டும். கைகள் ஒட்டியே இருக்கட்டும். மேல்கை உறுதியாக, கீழ்க்கை குஞ்சுப் பறவையைப் பிடித்தது போல.

தலைக்கு ஒரு பயிற்சி. இதற்கு மட்டையும் வேண்டாம், மைதானமும் வேண்டாம். ஹெல்மெட் போட்டுக்கொண்டு வீட்டுச் சுவரைப் பார்த்து நில், ஷூ நுனிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு. இப்போது முகத்தை மட்டும் இடத்தோளுக்கு மேலாகத் திருப்பிப் பந்துவீச்சாளரைப் பார்ப்பது போல ஸ்டான்ஸ் எடு. ஹெல்மெட் சுவரில் உரசினால் தலை விழுகிறது என்று பொருள். உரசாமல், இரண்டு குதிகாலும் தரையில் லேசாகப் பட, இருபது எண்ணும் வரை நில். காலையில் ஐந்து முறை, இரவில் ஐந்து முறை. முதல் வாரம் நேராக நிற்பதே பின்னால் சாய்வது போலத் தோன்றும். உடம்பு பழைய கோணலையே நேர் என்று நினைத்துக்கொண்டிருப்பதால் வரும் உணர்வு அது. நம்பாதே, சுவரை நம்பு.

பிறகு அப்பாவைக் கூப்பிடு. ஸ்டான்ஸ் எடுத்ததும் கண்ணை மூடி, இருந்த இடத்திலேயே சிறிதாகக் குதித்து இறங்கு. இறங்கியதும் அவர் உன் முதுகில் விரலால் லேசாகத் தள்ளட்டும். தடுமாறினால் பாரம் நுனிக்காலில் இருக்கிறது. அசையாமல் நின்றால் அதுதான் உன் நிலை; காலைச் சுற்றிச் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொள்.

வலைக்குப் போவதற்கு முன் தினமும் பத்து நிமிடம், அப்பா நாலடி தள்ளி முட்டிபோட்டு டென்னிஸ் பந்தை ஒரு முறை குத்தி வரும்படி போடட்டும். மேல்கையால் மட்டும் மட்டையைப் பிடித்து, அவருக்குப் பக்கத்தில் நேராக உருட்டிவிடு. அடித்த பின் மூன்று எண்ணும் வரை அப்படியே உறைந்து நில். சாய்ந்திருந்தால் உன்னால் நிற்க முடியாது. ஓங்கி அடிக்க ஆசை வரும். இந்த மூன்று வாரம் வேண்டாம். தனியாக இருக்கும் நாளில் ஒரு ஸ்டம்பை மட்டையாக வைத்துக்கொண்டு சுவரில் பந்தை அடித்து ஆடு. சிறுவனாக இருந்தபோது ஆஸ்திரேலிய மட்டையாளர் பிராட்மேன் பவ்ரல் ஊரில் தன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் அடிச்சுவரில் கோல்ஃப் பந்தை அடித்து ஆடியது இப்படித்தான். தலை ஆடினால் அத்தனை மெல்லிய கட்டையில் பந்து படவே படாது.

மேற்கிந்தியத் தீவுகளின் சந்தர்பால் கோணலாகத்தானே நின்றார் என்று நீ கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பந்துவீச்சாளரைப் பார்த்து மார்பைத் திறந்துகொண்டு நின்றவர் அவர். 164 டெஸ்டில் 11,867 ரன் எடுத்தார். ஆனால் பந்து கையை விட்டுக் கிளம்பும் நேரத்தில் பக்கவாட்டு நிலைக்கு வந்துவிடுவார். தலை அசையாது, கண்கள் மட்டமாக இருக்கும். காத்திருக்கும்போது எப்படியும் நிற்கலாம், அந்த ஒரு நொடிதான் முக்கியம்.

அதனால்தான் இந்த ஒரு படத்தை வைத்து உன் மட்டைத்தூக்கலைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து இரண்டு படம் அனுப்பு. ஒன்று பந்துவீச்சாளர் முனையிலிருந்து நேராக, மற்றொன்று பாயின்ட் திசையிலிருந்து. இரண்டிலும் கேமரா உன் இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். பந்து கையை விட்டுப் பிரியும் கணத்தில் எடுக்கச் சொல். ஸ்டம்புகளும் உன் ஷூவும் முழுவதும் தெரிய வேண்டும். ஹெல்மெட் பட்டையையும் தாடையோடு சேர்த்து இறுக்கிக்கொள், இந்தப் படத்தில் அது தொங்குகிறது.

அன்புடன்,
உன் பயிற்சியாளர்