பொருள்: டிடெக்டர் ஸ்கோர், கட்டாய வரைவுகள் – திங்கள் முதல் புதிய முறை

இரண்டாம் ஆண்டு ஆங்கில வகுப்பு மாணவர்களுக்கு,

வணக்கம். இனி ஏஐ டிடெக்டர் காட்டும் சதவீதத்தை மட்டும் வைத்து யாருக்கும் மார்க் குறைக்க மாட்டேன்.

போன மாதம் செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை பற்றிய ஒரு கட்டுரைக்கு அது 78% காட்டியது. எழுதிய மாணவி மறுநாள் ரஃப் நோட்டோடு வந்து நின்றார். பட்டறையிலேயே உட்கார்ந்து எழுதியது. ஓரமெல்லாம் கரி விரல் தடம். சந்தேகப்பட்டது என் தவறு. ஓபன்ஏஐ நிறுவனமே தன் டிடெக்டரை, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களின் எழுத்தில் இந்தக் கருவிகள் இன்னும் தடுமாறும். நாம் எல்லோரும் அந்தக் கணக்குதான்.

அதனால் இனி கைக்குறிப்பு, முதல் வரைவு, இறுதிப் பிரதி மூன்றும் வேண்டும். கூகுள் டாக்ஸில் எழுதுபவர்கள் எடிட் அனுமதியோடு ஷேர் செய்யுங்கள், பழைய வெர்ஷன்களைப் பார்ப்பேன். முதல் வரைவு அடித்தல் திருத்தலோடே இருக்கட்டும். பளிச்சென்று படியெடுத்து வந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். வரைவு இல்லாத கட்டுரையைத் திருத்த மாட்டேன். ஸ்கோர் அதிகம் வந்தால், வரைவுகளை வைத்துப் பத்து நிமிடம் நேரில் பேசுவோம்.

ஏற்காடு காபி எஸ்டேட் கட்டுரையின் முதல் வரைவு 14ஆம் தேதி மாலை 4 மணிக்குள். மலையிலிருந்து வருபவர்கள், பஸ் தாமதமானால் போட்டோ எடுத்து அனுப்புங்கள், போதும்.

அன்புடன்,
உங்கள் ஆங்கில ஆசிரியை