தப்பான முயற்சியை அழிக்காதீர்கள்

தலைமை ஆசிரியர் அவர்களே, ஆசிரியர்களே, பெற்றோர்களே, முக்கியமாக முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

புதிர்ப் போட்டிக்குப் பரிசு கொடுக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வெற்றி பெற்றவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசுங்கள் என்று கணக்கு ஆசிரியர் சொன்னார். பேசுகிறேன், ஆனால் அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். நீங்கள் எழுதிய விடைத்தாள்களை எல்லாம் காலையில் வாங்கிப் பார்த்தேன், சரியான விடைகளை விட்டுவிட்டு நீங்கள் அடித்துப் போட்ட பகுதிகளைத்தான் உட்கார்ந்து படித்தேன்.

மூன்றாவது புதிர் ஞாபகம் இருக்கிறதா? சதுரங்கப் பலகை, 64 கட்டம். எதிரெதிர் மூலையில் இருக்கும் இரண்டு வெள்ளைக் கட்டங்களை வெட்டியாயிற்று, மிச்சம் 62. ஒரு அட்டைத் துண்டு பக்கத்துப் பக்கத்துக் கட்டம் இரண்டை மூடும், அப்படி 31 துண்டு கையில் இருக்கிறது, பலகை முழுவதையும் மூட முடியுமா என்பது கேள்வி. பார்த்தவுடன் எல்லோருக்கும் முடியும் என்றுதான் தோன்றும், 31-ஐ 2-ஆல் பெருக்கினால் 62, கணக்கு சரியாக இருக்கிறதே. நிறையப் பேர் அந்த நம்பிக்கையில் அடுக்க ஆரம்பித்து, 30 துண்டு வரைக்கும் வந்து, கடைசித் துண்டு உட்காரவில்லை என்றதும் ரப்பரை எடுத்து அத்தனையையும் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து அடுக்கியிருக்கிறீர்கள். சில தாளில் அழித்து அழித்து அந்த இடம் கிழிந்தே போயிருக்கிறது. உழைப்பில் குறையே சொல்ல முடியாது, ஆனால் ஒவ்வொரு தடவையும் அழித்ததோடு சேர்ந்து பலகை உங்களுக்குச் சொன்ன செய்தியும் போய்விட்டது.

ஒரே ஒரு தாள் வேறு மாதிரி இருந்தது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியது, பெயர் சொல்லவில்லை, கூச்சப்படுவாள். அவள் எதையும் அழிக்கவில்லை. முதல் முயற்சியின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே புதுப் பலகை வரைந்திருக்கிறாள், அதுவும் தேறவில்லை, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் மூட முடியாமல் மிஞ்சிய இரண்டு கட்டங்களைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறாள், மூன்றாவது பலகைக்குக் கீழே சின்ன எழுத்தில், “எப்பவும் ரெண்டும் கறுப்பாவே மிஞ்சுது, ஏன்?” என்று எழுதியிருக்கிறாள்.

அந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். புதிரின் விடை முழுக்க அதில்தான் இருக்கிறது. துண்டை எங்கே வைத்தாலும் அது ஒரு வெள்ளையையும் ஒரு கறுப்பையும் மூடும், பக்கத்துப் பக்கத்துக் கட்டம் என்றால் நிறம் மாறித்தானே ஆக வேண்டும். இரண்டு வெள்ளையை வெட்டிவிட்டதால் வெள்ளை 30, கறுப்பு 32. முப்பது துண்டு வைத்ததும் வெள்ளை தீர்ந்துவிடும், இரண்டு கறுப்பு நிற்கும், அவை ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கவே இருக்காது. ஆக, யார் அடுக்கினாலும் எத்தனை தடவை அடுக்கினாலும் முடியாது. “முடியாது” என்பதை இப்படிக் காரணத்தோடு காட்டிவிட்டால் அதுவும் முழு விடைதான். அந்தப் பெண்ணுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது யார்? தேறாமல் போன அந்த மூன்று பலகைகள்தான். ஒன்றை மட்டும் பார்த்திருந்தால் தெரிந்திருக்காது, மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் கண்ணில் பட்டது.

சரி, இன்னொன்று பார்க்கலாம், இதை உங்களோடு சேர்ந்தே போடலாம். ஒன்பது நாணயம், எட்டு ஒரே எடை, ஒன்று மட்டும் கொஞ்சம் கனம். எடைக்கல் இல்லாத தராசு ஒன்று, இரண்டே தடவைதான் நிறுக்கலாம். கனமானதைக் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் என்ன செய்வீர்கள்? ஆமாம், பின்னாலிருந்து சரியாகவே குரல் வருகிறது, தட்டுக்கு நாலு நாலு வைப்போம், ஒன்றை வெளியே வைப்போம். கிட்டத்தட்ட எல்லோரும் அப்படித்தான் தொடங்குவார்கள். இரண்டு தட்டும் சமமாக நின்றால் வெளியே இருக்கும் நாணயம்தான் கனம், ஒரே தடவையில் வேலை முடிந்தது. இந்த முயற்சியில் இருக்கும் ஆபத்தே அதுதான், சில சமயம் பலித்துவிடும், பலித்தால் வழி சரி என்று நினைத்துக்கொள்வோம். ஒரு தட்டு இறங்கிவிட்டால்? நாலு நாணயம் சந்தேகத்தில் இருக்கிறது, ஒரு தடவை நிறுக்க மிச்சம். போதாது.

இந்த இடத்தில் “சே, தப்பு” என்று விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். எத்தனை போதவில்லை என்று கேளுங்கள். ஒரு தடவை நிறுத்தால் தராசு என்னென்ன சொல்லும்? இடது இறங்கும், வலது இறங்கும், இல்லையென்றால் சமமாக நிற்கும், அவ்வளவுதான், மூன்றே பதில். அதனால் கடைசித் தடவையில் மூன்று நாணயத்துக்குள் ஒன்றைப் பிரித்துவிடலாம், நாலுக்குள் முடியாது. அப்படியென்றால் முதல் தடவை நிறுத்த பிறகு, என்ன பதில் வந்தாலும் சந்தேகம் மூன்று நாணயத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஒன்பதை மூன்று மூன்று மூன்றாகப் பிரி என்பது இப்போது தானாகவே வந்துவிட்டது பாருங்கள். அது மட்டுமா, மூன்று தடவை நிறுக்கலாம் என்றால் 27 நாணயம், நாலு தடவை என்றால் 81 என்று இதுவரை யாரும் உங்களைக் கேட்காத கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது. முதலிலேயே யாராவது “மூன்று மூன்றாகப் பிரி” என்று காதில் சொல்லியிருந்தால் ஒன்பது நாணயப் புதிர் ஒன்றுதான் தெரிந்திருக்கும், 27 தெரிந்திருக்காது.

நான் வேலை பார்த்த காலம் முழுக்க இயந்திரங்களில் கோளாறு கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் திடீரென்று நின்றுவிடும், மறுபடி போட்டால் கொஞ்ச நேரம் ஓடும், மறுபடி நிற்கும். புதிதாகச் சேர்ந்த ஆள் என்ன செய்வான் என்றால், அவசரத்தில் ஒயரையும் மாற்றுவான், சுவிட்சையும் மாற்றுவான், பேரிங்கையும் மாற்றுவான், எல்லாம் ஒரே நேரத்தில். மோட்டார் ஓடிவிட்டால் எதனால் ஓடியது என்று தெரியாது, ஓடாவிட்டாலும் எது காரணம் இல்லை என்று தெரியாது. அனுபவப்பட்டவர்கள் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்து, ஓடவில்லை என்றால் “இது காரணம் இல்லை” என்று நோட்டில் எழுதி நேரம் போட்டு வைப்பார்கள். அந்த வரி இரவுப் பணிக்கு வருகிறவருக்குப் பொன் மாதிரி, அவர் அதே இடத்தில் மறுபடி தேட வேண்டியதில்லை. எந்தக் கோளாறாக இருந்தாலும் நான் முதலில் புரட்டியது அந்த நோட்டைத்தான். புதிரிலும் இதையே செய்யுங்கள், ஒரு முயற்சிக்கும் அடுத்த முயற்சிக்கும் நடுவில் ஒன்றே ஒன்றை மாற்றுங்கள், என்ன மாற்றினோம் என்று எழுதுங்கள். அப்போதுதான் இரண்டையும் ஒப்பிட முடியும்.

பெரிய கணித அறிஞர்கள் இப்படி எல்லாம் தவறுவார்களா என்று கேட்பீர்கள். வரைபடத்துக்கு நிறம் பூசும் புதிர் ஒன்று இருக்கிறது, 1852-ல் இங்கிலாந்தில் கிளம்பியது. பக்கத்துப் பக்கத்து நாடுகளுக்கு ஒரே நிறம் வரக் கூடாது, எந்த வரைபடமாக இருந்தாலும் நாலு நிறம் போதுமா? கேட்கச் சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். 1879-ல் ஆல்ஃபிரட் கெம்ப் என்ற வழக்கறிஞர், கணிதத்திலும் கெட்டிக்காரர், போதும் என்று நிரூபணம் வெளியிட்டார், எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். பதினோரு வருஷம் கழித்து, 1890-ல், பெர்சி ஹீவுட் அதில் ஓட்டை இருப்பதைக் காட்டினார். எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் நடந்ததுதான். ஹீவுட் கெம்பின் நிரூபணத்தைத் தூக்கிக் குப்பையில் போடவில்லை. எங்கே உடைகிறது, எதுவரை உடையாமல் நிற்கிறது என்று பார்த்தார், நிற்கும் பகுதியை வைத்தே ஐந்து நிறம் கண்டிப்பாகப் போதும் என்று நிரூபித்துவிட்டார். கடைசியில் 1976-ல் அப்பெல், ஹாக்கன் என்ற இருவர் கணினியின் உதவியோடு நாலு நிறமே போதும் என்று நிரூபித்தபோதும் கெம்பின் யோசனைதான் அதற்கு அடித்தளமாக இருந்தது. இன்றைக்கும் பாடப் புத்தகங்களில் “கெம்ப் சங்கிலி” என்று அவர் பெயரிலேயே அது இருக்கிறது, தேறாத ஒரு நிரூபணத்திலிருந்து வந்த பெயர்.

பெற்றோர்களிடமும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளை ஒரு புதிரோடு மல்லாடும்போது பக்கத்தில் இருந்து பார்ப்பது கஷ்டம், விடை நமக்குத் தெரிந்திருந்தால் இன்னும் கஷ்டம், வாய் துறுதுறுக்கும். தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். “மறுபடி முயற்சி பண்ணு” என்று மட்டும் சொல்வதாலும் பெரிய பயன் இல்லை, எதை மாற்றி முயற்சி செய்வது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாதே. “எதுவரைக்கும் சரியாக வந்தது, எந்த இடத்தில் நின்றுபோனது?” என்று கேளுங்கள், கேட்டுவிட்டு அவர்கள் சொல்லி முடிக்கும் வரை பேசாமல் இருங்கள். பாதி நேரம், சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர்களுக்கு அடுத்த வழி பிடிபட்டுவிடும்.

பிள்ளைகளே, வாசலில் ஆளுக்கொரு தாள் வைத்திருக்கிறேன், போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பன்னிரண்டு நாணயப் புதிர் இருக்கிறது. ஒன்று மட்டும் எடை வித்தியாசம், ஆனால் கனமா லேசா என்று தெரியாது, மூன்று தடவை நிறுத்து எது என்றும் கனமா லேசா என்றும் சொல்ல வேண்டும். முதலில் தட்டுக்கு ஆறு ஆறாக வைத்துத் தொடங்குங்கள், அது தேறாது, நான் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஏன் தேறாது, எத்தனை சந்தேகம் மிஞ்சுகிறது என்று எண்ணி எழுதுங்கள், அப்புறம் ஐந்து ஐந்தாக வைத்துப் பார்த்து அதையும் எழுதுங்கள். அந்த இரண்டு எண்ணும் கைக்கு வந்துவிட்டால் எத்தனை எத்தனையாக வைப்பது என்று நீங்களே முடிவு செய்துவிடுவீர்கள். அடுத்த வாரம் கணக்கு ஆசிரியரிடம் தாளைக் கொடுக்கும்போது நல்லபடியாக வேறு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டாம், அடித்தது திருத்தியது எல்லாம் இருக்கும் அதே தாளைக் கொடுங்கள், அத்தனையையும் நானே படிக்கிறேன் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

சரி, பரிசுக்குக் காத்திருப்பவர்கள் பொறுமையாக இருந்துவிட்டீர்கள். ஐயா, முதல் பெயரைக் கூப்பிடுங்கள்.