ரான்சம்வேர் தாக்குதல்: காப்பீட்டு நிறுவனத்துக்கு முதல் அறிவிப்பு

திருப்பூர்
10.03.2025, திங்கட்கிழமை, பிற்பகல் 2.30

பெறுநர்
மேலாளர், சைபர் காப்பீட்டு இழப்பீட்டுப் பிரிவு, கோயம்புத்தூர்

பொருள்: பாலிசி எண் CY/2024/118346 (01.12.2024 முதல் 30.11.2025 வரை) – எங்கள் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் ரான்சம்வேர் தாக்குதல் – முதல் அறிவிப்பு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

எங்கள் கணினிகளில் உள்ள கோப்புகளை யாரோ பூட்டிவிட்டுப் பணம் கேட்டிருக்கிறார்கள். இன்று காலை 7.40-க்கு இது எங்கள் கவனத்துக்கு வந்தது. உங்கள் உதவி எண்ணில் 9.05-க்குத் தொலைபேசியில் தகவல் சொன்னேன். அதை எழுத்தில் உறுதிசெய்யவே இக்கடிதம். அலுவலக மின்னஞ்சலை இப்போது நம்ப முடியாததால் என் சொந்த முகவரியிலிருந்து அனுப்புகிறேன். அலுவலக முகவரியிலிருந்து உங்களுக்கு ஏதாவது வந்தால், குறிப்பாக வங்கிக் கணக்கு விவரம் மாறியதாக வந்தால், என்னைக் கைபேசியில் கேட்காமல் ஏற்க வேண்டாம்.

நடந்தது

காலையில் முதலில் வந்த கட்டிங் பிரிவு மேற்பார்வையாளர், பிரிண்டரின் தட்டு நிரம்பித் தாள்கள் தரையில் கிடப்பதைப் பார்த்திருக்கிறார். மொத்தம் 63 தாள்கள், எல்லாவற்றிலும் ஒரே ஆங்கில வாசகம். அதே வாசகம் ஒவ்வொரு ஃபோல்டரிலும் `READ_ME.txt` என்ற பெயரில் இருக்கிறது. கோப்புகளின் பெயர்களுக்குப் பின்னால் `.locked` சேர்ந்திருக்கிறது. கணக்காளர் டாலியைத் திறந்தபோது நிறுவனத்தின் பெயரே பட்டியலில் வரவில்லை.

72 மணி நேரத்துக்குள் தொடர்புகொள்ள வேண்டும் என்றும், தரவை நகலெடுத்து வைத்திருப்பதாகவும் அதில் எழுதியிருக்கிறது. தொகை எதுவும் குறிப்பிடவில்லை. அதிலுள்ள இணைப்பை நாங்கள் திறக்கவில்லை, பதிலும் அனுப்பவில்லை. உங்கள் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் அவர்களுடன் பேசவோ பணம் கொடுக்கவோ மாட்டோம்.

பாதிப்பு, இதுவரை பார்த்த அளவில்: டாலி சர்வர், ஆர்டர் கோப்புகளும் பேட்டர்ன்களும் உள்ள கோப்பு சர்வர், பேக்கப்புக்காக வைத்திருந்த நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி, 34 கணினிகளில் 19. சனிக்கிழமை மாலையே அணைக்கப்பட்டிருந்த 9 கணினிகளை இன்னும் யாரும் இயக்கவில்லை, அவற்றின் நிலை தெரியாது. மீதி 6 இயங்குகின்றன. அவற்றையும் நல்லவை என்று எடுத்துக்கொள்ளவில்லை.

கணக்குப் பிரிவுக் கணினி ஒன்றின் பதிவில் இந்த வரி இருக்கிறது:

```
2025-03-09 01:52:14  EventID 4624  LogonType 10  Account: support
```

ஞாயிறு அதிகாலை 1.52-க்கு வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய நாட்களில் தவறிய உள்நுழைவு முயற்சிகள் (4625) வரிசையாகப் பதிவாகியிருக்கின்றன. பூட்டப்பட்ட கோப்புகளில் மிகப் பழைய நேரம் அதிகாலை 2.17.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கடந்த நவம்பரில் கொடுத்த முன்மொழிவுப் படிவத்தில், வெளியிலிருந்து வருபவர்கள் விபிஎன் வழியாக மட்டுமே வர முடியும் என்று எழுதியிருந்தோம். அன்று அது உண்மை. ஜனவரி 18-ஆம் தேதி, பேட்டர்ன் மென்பொருளைச் சரிசெய்ய வந்த வெளி டெக்னீசியனுக்காக ரவுட்டரில் 3389 போர்ட் திறக்கப்பட்டது. வேலை முடிந்தபின் அதை மூடவில்லை, `support` கணக்கையும் நீக்கவில்லை. இன்று காலை ரவுட்டர் அமைப்பைத் திறந்தபோதுதான் எனக்கே இது தெரிந்தது. உங்கள் ஆய்வாளர் எப்படியும் கண்டுபிடிப்பார் என்பதற்காக அல்ல, அவர் முதல் நாளே சரியான இடத்தில் தேட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். தாக்குதலுக்கு இதுதான் காரணமா என்பதை ஆய்வு முடிவு செய்யட்டும். பாலிசியின்கீழ் எங்களுக்குள்ள உரிமைகளுக்குப் பாதகமின்றியே இதைச் சொல்கிறேன்.

பரவாமல் தடுக்கச் செய்தவை

7.52-க்கு எங்கள் கணினிப் பராமரிப்பாளர் இணைய ஃபைபர் இணைப்பையும், முதன்மை ஸ்விட்சிலிருந்து எல்லா நெட்வொர்க் கேபிள்களையும் பிடுங்கினார், வைஃபை அணைக்கப்பட்டது. இரண்டு சர்வர்களையும் அணைக்கவில்லை. அணைத்தால் நினைவகத்தில் உள்ள தடயம் போய்விடும் என்பதால், நெட்வொர்க் இல்லாமல் யுபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த அறையைப் பூட்டிச் சாவியை நான் வைத்திருக்கிறேன். ஓடும் கணினிகளின் திரைகளைக் கைபேசியில் படமெடுத்தோம். ரவுட்டர் பதிவுகளை நகலெடுத்த பிறகே 3389 போர்ட்டை மூடினோம். எதையும் அழிக்கவில்லை, ஃபார்மட் செய்யவில்லை, ஆன்டிவைரஸ் ஸ்கேன்கூட ஓட்டவில்லை. ஒரே விலக்கு: காலை 8.10-க்குப் பராமரிப்பாளர் கோப்பு சர்வரில் `vssadmin list shadows` கட்டளையைக் கொடுத்துப் பார்த்தார். நிழல் நகல்கள் எதுவும் இல்லை. அதன்பின் யாரையும் தொடவிடவில்லை.

பாதிக்கப்படாத கைபேசியிலிருந்து மின்னஞ்சல் நிர்வாகக் கணக்கு, ஜிஎஸ்டி தளம், பிஎஃப் தளம் ஆகியவற்றின் கடவுச்சொற்களை மாற்றினோம்; திறந்திருந்த மின்னஞ்சல் அமர்வுகள் அனைத்தையும் துண்டித்தோம். அஞ்சலை வேறு முகவரிக்குத் திருப்பும் விதி ஏதும் புதிதாக இல்லை. வங்கிக் கிளையில் நேரில் எழுதிக் கொடுத்து நெட் பேங்கிங்கை நிறுத்தி வைத்திருக்கிறோம். என் டிஜிட்டல் கையொப்ப டோக்கன் கணக்காளரின் கணினியிலேயே செருகியபடி இருந்தது. அதை எடுத்துவிட்டு, சான்றிதழை ரத்து செய்ய விண்ணப்பித்திருக்கிறேன்.

நல்ல செய்தி ஒன்று உண்டு. வியாழக்கிழமை (06.03.2025) மாலை எடுத்த முழு பேக்கப் ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில், கணக்காளரின் வீட்டில் இருக்கிறது. வெள்ளி, சனி இரண்டு நாள் பதிவுகள் மட்டும் அதில் இருக்காது. உங்கள் ஆய்வாளர் வரும்வரை அதை எந்தக் கணினியிலும் செருக மாட்டோம்.

சைபர் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற 2022 ஏப்ரல் 28 உத்தரவின்படி, செர்ட்-இன் அமைப்புக்கு இன்று 11.20-க்கு மின்னஞ்சல் அனுப்பினோம். cybercrime.gov.in தளத்திலும் புகார் பதிவாகியிருக்கிறது. மாநகர சைபர் கிரைம் காவல் நிலையத்தில் மாலை நேரில் கொடுக்கிறோம்.

எங்களுக்கு உடனே தேவைப்படுபவை

146 தொழிலாளர்களின் ஆதார் நகல்களும் வங்கி விவரங்களும் அந்தக் கோப்பு சர்வரில்தான் இருந்தன. அவை வெளியே போயிருந்தால் அவர்களுக்கு நாங்கள் சொல்லியாக வேண்டும். வாங்குபவர்களின் டெக் பேக்குகளும் அங்கேதான் இருந்தன. என்ன, எப்போது, எந்த வார்த்தைகளில் சொல்வது என்பதற்கு உங்கள் பட்டியலில் உள்ள வழக்கறிஞரை இன்றே இணைத்துத் தாருங்கள். தடயவியல் ஆய்வாளரையும் அப்படியே. யாரையும் நாங்களாக நியமிக்கவில்லை.

நாளை 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலுக்குக் கடைசி நாள். எங்கள் மின் ரசீதுகள் தளத்திலேயே இருப்பதால் கணக்காளர் வெளிக் கணினியிலிருந்து முயல்கிறார். 14-ஆம் தேதி தூத்துக்குடிக்குப் போக வேண்டிய கன்டெய்னரின் பேக்கிங் லிஸ்ட்டைக் கையால் எழுதிக்கொண்டிருக்கிறோம். சனிக்கிழமை வாரச் சம்பளம். அது தள்ளிப்போகக் கூடாது. இதற்காக 4 மடிக்கணினிகளை வாடகைக்கு எடுக்க (வாரத்துக்குச் சுமார் ரூ.14,000) ஒப்புதல் கேட்கிறேன், நாளை காலை 11 மணிக்குள் பதில் வந்தால் தாங்கும்.

தொழில் தடை இழப்புக்கான 12 மணி நேரக் காத்திருப்பு எந்த நேரத்திலிருந்து கணக்காகும் என்பதையும், கிளெய்ம் எண்ணையும் எழுத்தில் தெரிவியுங்கள். இழப்புத் தொகையை இப்போது மதிப்பிட வழியில்லை. புதிதாகத் தெரியவருவதைத் தினமும் மாலை 6 மணிக்கு எழுதுகிறேன். சர்வர் அறையைத் திறக்க எந்த நேரத்தில் அழைத்தாலும் வருவேன். என் கைபேசி எண் பாலிசி ஆவணத்தில் உள்ளதுதான்.

இப்படிக்கு,
சு. மீனாட்சி
நிர்வாகப் பங்குதாரர்

இணைப்பு: மிரட்டல் வாசகத்தின் படம், ரவுட்டர் பதிவுகள், செர்ட்-இன் மின்னஞ்சலின் நகல், காலை 7.40 முதல் யார் என்ன செய்தார்கள் என்ற கையெழுத்துக் குறிப்பு (4 பக்கம்)