சனிக்கிழமை மேடை ஏறப்போகும் செல்விக்கு

அன்புள்ள செல்வி,

"சனிக்கிழமை எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டால் தேவலை" என்று நேற்றிரவு நீ சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. அப்பாவின் மணிவிழாவுக்காக ஆறு மாதமாகப் பணம் சேர்த்தவள் நீ. சமூக மன்றத்தில் மண்டபம் பிடித்ததும், ஈப்போவிலிருந்து வரும் அத்தைக்குப் பஸ் டிக்கெட் எடுத்ததும் நீதான். சாப்பாட்டுக்கு முன் இரண்டு நிமிடம் பேசி, குவளையை உயர்த்தி வாழ்த்துச் சொல்ல வேண்டிய அந்த ஓர் இடத்தை நினைத்து நீ இப்படித் தூக்கத்தைத் தொலைப்பதை என்னால் தாங்க முடியவில்லை. நேரில் சொன்னால் குறுக்கே மறுத்துக்கொண்டே இருப்பாய். அதனால் எழுதுகிறேன். முழுதாகப் படி.

உயர்நிலை இரண்டில் நடந்ததை நீ மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். குறள் ஒப்புவிக்க மேடை ஏறினாய், நான்காவது குறளில் நின்றுபோனாய், முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அந்தக் கோபம் இன்றும் ஆறவில்லை. திணறி நின்ற பிள்ளைக்கு யாராவது முதல் சீரை எடுத்துக் கொடுத்திருந்தால் போதுமே! ஆனால் ஒன்று யோசித்துப் பார். ஒப்புவிப்பதில் ஒரு சொல் தவறினாலும் கேட்பவருக்குத் தெரிந்துவிடும், ஏனென்றால் அது ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டது. சனிக்கிழமை நீ சொல்லப்போவது உன் சொந்தப் பேச்சு. நடுவில் ஒரு வரி விட்டுப்போனால் அது உனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தக் குறளுக்குள்ளேயே உனக்கு ஆறுதலும் இருக்கிறது. வள்ளுவர் 73-ஆம் அதிகாரத்துக்கு அவையஞ்சாமை என்றே பெயர் வைத்தார். போர்க்களத்தில் சாகத் துணிந்தவர்கள் பலர் உண்டு, அவையில் அஞ்சாமல் பேசுபவர்கள் சிலரே என்று அதில் சொல்கிறார். வாளுக்கு அஞ்சாதவனே சபைக்கு அஞ்சியிருக்கிறான். நீ அஞ்சுவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

கை நடுங்குவதும் வாய் வறள்வதும் நெஞ்சு படபடப்பதும் ஏன் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ தாதி. அட்ரினலின் செய்யும் வேலையை நோயாளிகளிடம் தினமும் பார்ப்பவள். கிளம்பிக்கொண்டிருக்கும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாலும் நெஞ்சு இப்படித்தான் அடிக்கும், அதற்காக நாம் பயப்படுவதில்லை. பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அது தானாகத் தணியத் தொடங்கும். நோயாளிகளுக்கு நீ சொல்லிக்கொடுப்பதையே நீயும் செய்: மூச்சை இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக விடு, நாலைந்து முறை. மேசையில் பாண்டுங் வைப்பார்கள். பேசி முடிக்கும் வரை அதைத் தொடாதே, இனிப்பும் பாலும் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். வெறும் தண்ணீர் போதும். குறிப்பைப் பெரிய தாளில் எழுதாதே. கை லேசாக நடுங்கினாலும் தாள் படபடவென்று ஆடும், அந்தச் சத்தமே உன்னை இன்னும் பயமுறுத்தும். உள்ளங்கை அளவு அட்டை ஒன்றில் ஐந்தே வரி எழுது. முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் மனப்பாடம் செய்.

உனக்குப் பேச வராது என்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். மருத்துவமனையில் வேலைமுறை மாறும்போதெல்லாம் எட்டுப் பேர் முன்னால் நின்று, எந்தப் படுக்கையில் யாருக்கு என்ன என்று ஒரு மருந்துகூட விடாமல் சொல்லிவிட்டு வருகிறாய். போன மாதம் தேக்காவில் ஆப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என்ன நடந்தது என்று நினைத்துப் பார். தொடக்கநிலை ஆறு இறுதித் தேர்வு நடந்த நாள்களில் அப்பா இன்னோர் ஓட்டுநரிடம் கேட்டு முறையை மாற்றிக்கொண்டு, நம் பள்ளி வழியாகப் போகும் பஸ்ஸை ஓட்டிய கதையைச் சொன்னாயே. வண்டி ஓட்டும்போது பேச மாட்டார். நாம் இறங்கும்போது மட்டும் பின்பார்வைக் கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்ப்பார். அதை நீ சொன்னபோது என் கணவர் கையிலிருந்த ஆப்பத்தை அப்படியே வைத்துவிட்டார். பக்கத்து மேசைப் பெரியவர்கூடத் திரும்பிக் கேட்டார். உனக்கு அது பேச்சாகவே தோன்றவில்லை, அதனால்தான் அவ்வளவு நன்றாக வந்தது.

சனிக்கிழமையும் அதையே சொல். வேறு எதுவும் தேட வேண்டாம். அலங்காரமான வாழ்த்துப்பா வேண்டாம், பெரியவர்களின் பெயரை வரிசையாகச் சொல்லும் வேலையைச் சித்தப்பா பார்த்துக்கொள்வார். உனக்காக ஒரு தொடக்கம் எழுதிப் பார்த்தேன், பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்:

"எல்லாருக்கும் வணக்கம். எங்கள் அப்பா 32 ஆண்டுகள் பஸ் ஓட்டினார். விடியற்காலை நான்கு மணிக்கு அவர் கதவைச் சாத்தும் சத்தத்தை நான் தூக்கத்தில் கேட்டிருக்கிறேன். அவர் அதிகம் பேச மாட்டார். அதனால் அவர் பேசாமல் செய்த ஒன்றை இன்று நான் சொல்கிறேன்."

பிறகு அந்தக் கண்ணாடிக் கதை. அதை அப்பாவைப் பார்த்துச் சொல். 120 பேரையும் பார்க்க வேண்டியதில்லை. அப்பாவின் முகம், அம்மாவின் முகம், தொண்டை அடைத்தால் என் முகம், இந்த மூன்று போதும். கண் கலங்கினால் நின்றுகொள். அழுகையை விழுங்கிக்கொண்டு வேகமாகப் பேசினால்தான் வார்த்தை தடுக்கும். நீ நிற்கும் அந்த நேரம் உனக்கு ஒரு யுகமாகத் தெரியும், கேட்பவர்களுக்கு அது ஒரு மூச்சு. அப்பாவோடு வேலை பார்த்த சீன, மலாய் நண்பர்களுக்காக அதே கதையை ஆங்கிலத்தில் இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிடு.

நீ அதிகம் பயப்படும் அந்தக் கடைசிக் கட்டம்தான் உண்மையில் மிகவும் எளிது. "அப்பா, அம்மா, இன்று நாங்கள் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று சொல்லிக் குவளையை உயர்த்து. அவ்வளவுதான். மூலை மேசையில் அந்த ஓட்டுநர் நண்பர்கள் இருப்பார்கள். எத்தனையோ சீனக் கல்யாண விருந்துகளில் "யாம் செங்" சொல்லிப் பழகிய குரல்கள் அவை. அந்த "யாம்" என்பதை மூச்சு இருக்கும் வரை இழுப்பார்கள், ஒரு முறையோடு விடவும் மாட்டார்கள். மண்டபம் முழுவதும் சேர்ந்துகொள்ளும். உன் குரல் நடுங்கியதா இல்லையா என்பது அதற்குப் பிறகு யாருக்கு நினைவிருக்கும்? அவர்களில் சீனியர் அங்கிளிடம் நான் இன்றே சொல்லி வைக்கிறேன், உன் குவளை உயர்ந்ததும் அவர் தொடங்கிவிடுவார்.

காலையில் வைரவிமட காளியம்மன் கோவிலில் பூசை முடிந்ததும் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரமாவது படு. சமையல்காரரை நான் பார்த்துக்கொள்கிறேன். மாலை ஐந்தரைக்கு, விருந்தினர் வருவதற்கு முன், மண்டபத்துக்கு வந்துவிடு. ஆள் இல்லாத நாற்காலிகளுக்கு முன்னால் அந்த முதல் வரியை ஒலிபெருக்கியில் இரண்டு முறை சொல்லிப் பார்க்கலாம். உன் குரல் அந்தக் கூடத்தில் எப்படிக் கேட்கிறது என்று உனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். நான் மேடைக்கு நேர் எதிரே இரண்டாவது மேசையில், பச்சைப் புடவையில் இருப்பேன். தண்ணீர்ப் புட்டியும் அட்டையின் இன்னொரு பிரதியும் என் கைப்பையில் இருக்கும்.

அட்டையை நாளை இரவுக்குள் எழுதி எனக்குப் படம் எடுத்து அனுப்பு.

உன் அன்புத் தோழி,
மலர்