அக்காவின் வால்வு அறுவை சிகிச்சை: சென்னைப் பயணத் திட்டம்

கோபிசெட்டிபாளையம்
18.01.2026

மாமாவுக்கும் அக்காவுக்கும் வணக்கம்.

பொங்கலுக்குச் சிவகிரி வந்தபோது நாம் பேசியதையும், அதன்பின் சென்னை மருத்துவமனையில் கேட்டு உறுதி செய்துகொண்டதையும் சேர்த்து இதை எழுதுகிறேன். பாப்பாவிடம் கொடுத்து இரண்டு படி எடுத்து, ஒன்றை அம்மாவிடமும் மற்றொன்றைப் பெருந்துறையில் மாமாவின் தங்கையிடமும் சேர்த்துவிடுங்கள்.

கோவையிலேயே பார்க்கலாமே என்று உறவினர் பலரும் கேட்கிறார்கள். கோவையில் குறைவு ஒன்றுமில்லை. ஆனால் 2011இல் அக்காவுக்குப் பலூன் சிகிச்சை செய்து சுருங்கிய வால்வை விரித்துவிட்டது சென்னையில்தான். அன்று முதல் எடுத்த எக்கோ அறிக்கைகள் அனைத்தும் அங்கே இருக்கின்றன. அதே மருத்துவர் குழுதான் இப்போது வால்வை மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ஆகவே செலவும் அலைச்சலும் கூடினாலும் சென்னை என்பதே என் முடிவு.

பிப்ரவரி 3, செவ்வாய் இரவு ஈரோட்டிலிருந்து ஏற்காடு எக்ஸ்பிரஸில் புறப்படுகிறோம். வண்டி ஈரோட்டிலேயே கிளம்புவதால், மூச்சு வாங்குகிற அக்கா அவசரப்பட்டு ஏற வேண்டியதில்லை. 45 வயது நிறைந்த பெண்களுக்கான ஒதுக்கீட்டில் அவருக்குக் கீழ்ப்படுக்கை கிடைத்துவிட்டது. 4ஆம் தேதி வெளிநோயாளர் பிரிவில் பதிவு. அடுத்த நான்கு நாளில் எக்கோ, ஆஞ்சியோகிராம், ரத்தப் பரிசோதனைகள், மயக்க மருந்து மருத்துவரின் பார்வை. 9ஆம் தேதி திங்களன்று சேர்க்கை. 11ஆம் தேதி புதன் காலை அறுவை சிகிச்சை. காய்ச்சலோ சளியோ வந்தால் தள்ளிப்போகும் என்பதால், தைப்பூசத்துக்குச் சென்னிமலை ஏறுவதாக அக்கா வைத்திருக்கும் வேண்டுதலை இந்த ஆண்டு கேட்டுக்கொண்டு ஒத்திவைக்க வேண்டும். நான் போய் அவர் பெயரில் அர்ச்சனை செய்து வருகிறேன்.

புறப்படுவதற்கு முன் முடிக்க வேண்டியவற்றில் பல் பரிசோதனையே முதன்மையானது. சொத்தைப் பல்லில் இருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்து புது வால்வில் போய் ஒட்டிக்கொள்ளும் என்பதால், பல் மருத்துவரின் கடிதம் இல்லாமல் அறுவை சிகிச்சைக்கு எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 22ஆம் தேதி காலை ஈரோட்டில் நேரம் வாங்கியிருக்கிறேன். ரத்தம் உறையாமல் இருக்க இப்போது சாப்பிடும் மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவமனையே சொல்லும். நாமாக ஒரு வேளையும் விடக்கூடாது.

இன்னொன்றை நான் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் கவனித்தேன். 21 நாளுக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசி ஜனவரி 30ஆம் தேதி சிவகிரியில் போடப்படும்; அடுத்தது பிப்ரவரி 20, அதாவது அறுவை சிகிச்சைக்குப் பின் சென்னையில் இருக்கும்போது வருகிறது. அப்போது ரத்தம் உறையாத மாத்திரை மீண்டும் தொடங்கியிருக்கும். தசையில் ஊசி போட்டால் உள்ளே ரத்தம் கட்டக்கூடும். எனவே ஊசியா, அதற்குப் பதில் மாத்திரையா என்பதை 4ஆம் தேதியே கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

துணைக்கு இருப்பவர்கள் பற்றி. பெண்கள் பிரிவில் இரவில் ஒரு பெண் மட்டுமே தங்கலாம். முதலில் என் மனைவி. 15ஆம் தேதி முதல் மார்ச் 1 வரை மாமாவின் தங்கை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடவும், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் நாட்களில் மருத்துவர் கூப்பிட்டால் போய் நிற்கவும் மாமா 14ஆம் தேதி வரை அங்கேயே இருக்க வேண்டும். அதன்பின் மஞ்சள் வேக வைக்க அவர் ஊர் திரும்பலாம்; அன்றிலிருந்து நான் விடுப்பு எடுத்துவிட்டேன். பாப்பாவுக்கு மார்ச்சில் பொதுத்தேர்வு என்பதால் அவளை யாரும் சென்னைக்கு அழைத்து வர வேண்டாம். அவளோடு அம்மிச்சி சிவகிரியில் தங்குவார். இரவு எட்டு மணிக்கு ஒருவர் மட்டும் அவளுக்குப் பேசினால் போதும்.

தங்கும் அறையை மருத்துவமனைக்கு நடந்து போகும் தூரத்தில், தரைத்தளத்தில், சமையலறையும் மேற்கத்தியக் கழிப்பறையும் உள்ளதாகப் பார்த்து, நாளொன்றுக்கு ரூ.1,100 வீதம் பேசி முன்பணம் கொடுத்திருக்கிறேன். நெஞ்செலும்பு கூடும் வரை கைகளை ஊன்றி எழக்கூடாது என்பதால் தரையில் அமரும் கழிப்பறை உதவாது. ரத்தம் கொடுக்க அம்பத்தூரில் இருக்கும் பெரியப்பா மகன்கள் இருவரும் 10ஆம் தேதி வந்துவிடுவார்கள்.

எல்லாம் சரியாக நடந்தால் 18ஆம் தேதி வாக்கில் வீட்டுக்கு அனுப்புவார்கள். இங்கேதான் நான் இருவரையும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அன்றே ஊருக்குக் கிளம்பக் கூடாது. 2019இல் அப்பாவை வெளியூர் மருத்துவமனை ஒன்றிலிருந்து அனுப்பிய அன்று மாலையே பேருந்தில் ஏற்றிக் கொண்டுவந்தோம். சேலத்தைத் தாண்டும்போது அவர் வேட்டியின் மடிப்பில் ஈரம் படர்ந்ததைப் பார்த்தேன், தையல் கசிந்திருந்தது, நடுராத்திரியில் வண்டி பிடித்து வந்த வழியே திரும்பினோம். அறை வாடகையை மிச்சப்படுத்தலாம் என்று அன்று சொன்னவன் நான்தான். அந்த இரவு இன்னொரு முறை நம் வீட்டில் வரக்கூடாது. ஆகவே 18 முதல் 28 வரையிலான பத்து நாளும், மஞ்சள் விலை ஏறினாலும் இறங்கினாலும், குறைக்கப்படாது.

அந்த நாட்களில் அக்கா காலையும் மாலையும் அறையின் முன்னே சிறிது சிறிதாக நடக்க வேண்டும். இருமல் வந்தால் சிறிய தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும். வீட்டில் இருக்கும் இலவம்பஞ்சுத் தலையணையைக் கையோடு கொண்டு வாருங்கள். உலோக வால்வு வைப்பதால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவை அடிக்கடி பார்ப்பார்கள்; மைட்ரல் வால்வுக்குப் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருக்கச் சொல்வார்கள். முருங்கைக்கீரை முதலான கீரைகளில் உள்ள வைட்டமின் கே, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையின் வேலையைக் குறைக்கும். அதற்காகக் கீரையே கூடாது என்றில்லை. வாரந்தோறும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதே கணக்கு. தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் கடையில் மாத்திரை வாங்குவதும், யாராவது சொல்லும் கசாயம் குடிப்பதும் இனி அறவே வேண்டாம்.

27ஆம் தேதி வெள்ளியன்று மறுபரிசோதனை. 28 இரவு ரயில். இருதய அறுவை சிகிச்சை நோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டியில் 75 விழுக்காடு கட்டணச் சலுகை உண்டு. அதற்கான படிவத்தில் மருத்துவமனை கையெழுத்திட வேண்டும். இணையத்தில் எடுக்க முடியாது, நிலையக் கவுன்டரில்தான் எடுக்க வேண்டும். சேர்க்கை நாளிலேயே படிவத்தைக் கேட்டு வாங்கி நானே வரிசையில் நின்று எடுத்துவிடுகிறேன். ஊருக்கு வந்தபின் ஆறு வாரத்துக்குக் குடம் தூக்குவது, மாட்டுக்குத் தீவனம் சுமப்பது, வண்டி ஓட்டுவது எதுவும் கிடையாது. ஐ.என்.ஆர். பரிசோதனையை முதலில் வாரம் ஒருமுறை ஈரோட்டில் எடுத்து முடிவை மருத்துவமனைக்குத் தெரிவிப்போம். அவர்கள் சொன்னபடி மட்டும் மாத்திரை அளவு மாறும். மார்ச் 25ஆம் தேதியும் மே 13ஆம் தேதியும் சென்னையில் மறுபரிசோதனை. இரண்டுக்கும் முந்தைய இரவு கிளம்பி அன்றிரவே திரும்பலாம்; நான் உடன் வருகிறேன்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, குடும்ப அட்டை, இருவரின் ஆதார் ஆகியவற்றின் அசலையும், கையிருப்பாக ரூ.60,000ஐயும் எடுத்து வையுங்கள். காப்பீட்டில் நாம் வெளியே தங்கும் அறையின் வாடகையும் உடனிருப்பவர்களின் சாப்பாடும் சேராது. 2011இல் கொடுத்த பழுப்பு நிறக் கோப்பு பரண்மேல் விதைமஞ்சள் சாக்குக்குப் பின்னால் இருக்கிறது என்று அக்கா சொன்னார்; ஞாயிறு ஜனவரி 25ஆம் தேதி நான் வரும்போது அதை இறக்கி, தாள்களைத் தேதி வாரியாக அடுக்கிக்கொள்வோம்.

இப்படிக்கு
உங்கள் தம்பி