பொருள்: எஃப்.எஃப்.ஏ. ஏறிய இடத்தைக் கண்டுபிடித்த கலாவதிக்குப் பாராட்டு

பெறுநர்: கலாவதி, ஆய்வுக்கூட உதவியாளர்
நகல்: திரு. சுப்பையா, ஆய்வுக்கூட மேலாளர்
அனுப்புநர்: தனசேகரன், உற்பத்தி மற்றும் லோரி அனுப்புதல் பிரிவு

வணக்கம் கலாவதி,

போன வாரம் 2ஆம் எண்ணெய்த் தொட்டியில் எஃப்.எஃப்.ஏ. 3.4இலிருந்து 4.1 விழுக்காட்டுக்கு ஏறியபோது, ராயா விடுமுறையில் ரெம்ப்பில் தேங்கிய செம்பனைப் பழம்தான் காரணம் என்று மில்லில் எல்லாரும் முடிவுகட்டிவிட்டார்கள். நீங்கள் முதலில் உங்கள் மேசையையே சந்தேகப்பட்டீர்கள். காரக் கரைசல் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து வலு குறைந்தால், டைட்ரேஷனில் அதிகம் செலவாகி எஃப்.எஃப்.ஏ. கூடுதலாகக் காட்டும். அதனால் அதன் நார்மாலிட்டியை மறுபடி சரிபார்த்து, அளவு சரிதான் என்று உறுதியான பிறகே வெளியே வந்தீர்கள்.

அடுத்துச் செய்ததுதான் முக்கியம். பிரஸ், கிளாரிஃபையர், வெக்குவம் டிரையர், தொட்டி ஆகிய நான்கு இடங்களிலும் ஒரே ஷிப்டில் மாதிரி எடுத்தீர்கள். அடியில் உறைந்த பகுதி விட்டுப்போகாமல், ஒவ்வொன்றையும் முழுக்க உருக்கி, குலுக்கிய பிறகே எடை போட்டீர்கள். பிரஸ் எண்ணெய் 3.3, கிளாரிஃபையர் எண்ணெய் 4.2. பழம் கெட்டிருந்தால் பிரஸ்ஸிலேயே தெரிந்திருக்கும். ஆக, கோளாறு இந்த இரண்டுக்கும் நடுவில்.

கழிவுக் குழியில் மிதக்கும் எண்ணெய் இரவு ஷிப்டில் கிளாரிஃபையருக்கு முன்னுள்ள கச்சா எண்ணெய்த் தொட்டிக்கே திரும்பிப் போவதை அங்கே போய்ப் பார்த்தீர்கள். அதன் எஃப்.எஃப்.ஏ. 18. நூற்றுக்கு ஆறு பங்கு கலந்தாலே 3.3 என்பது 4.2 ஆகிவிடும் என்ற உங்கள் கணக்கைப் பார்த்த பிறகு யாரும் பழத்தைக் குறை சொல்லவில்லை. 5ஐத் தாண்டியிருந்தால் சுத்திகரிப்பு ஆலை விலையைக் குறைத்திருக்கும், அல்லது லோரியையே திருப்பியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அறிக்கை எழுதுவதற்கு முன் இரவு மண்டோரிடம் நேரில் பேசினீர்கள். மழையில் குழி நிரம்பி, எண்ணெய் கழிவுநீர்க் குளத்துக்கு வழிந்துவிடும் என்று பயந்துதான் அவர் பம்பைப் போட்டிருக்கிறார். நீங்கள் அதையும் எழுதியதால் பேச்சு ஆள்மேல் போகாமல் குழாய்மேல் போனது. இப்போது குழி எண்ணெய் தனித் தொட்டிக்குப் போகிறது, தனியாக விற்கிறோம். நேற்றைய உற்பத்தியின் எஃப்.எஃப்.ஏ. 3.4.

சுப்பையா சார், உங்களிடம் இரண்டு வேண்டுகோள். கலாவதியின் நான்கு இட மாதிரிப் படிவத்தை வாரம் ஒருமுறை கட்டாயமாக்கினால், இப்படிப்பட்ட கலப்பு தொட்டிக்கு வரும் முன்பே பிடிபடும். இந்த வேலையை அவருடைய ஆண்டு மதிப்பீட்டிலும் பதிவு செய்யுங்கள். எண்கள் வேண்டுமென்றால் என் ஷிப்டு புத்தகத்தில் இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை அவர் செய்த ஓவர்டைமுக்கு என் பக்கம் கையெழுத்துப் போட்டுவிட்டேன். படிவம் உங்கள் மேசையில் இருக்கிறது.

நன்றி,
தனசேகரன்